காட்பாடி ரயில் பலகைப் படத்தை அட்டவணையாக்கும்போது வரும் கோளாறுகள்

ஆஸ்பத்திரிக்கு வரும் நோயாளிகளைக் காட்பாடி ஜங்ஷனில் இருந்து லாட்ஜுக்கு ஏற்றிப்போகும் வேன் அண்ணன் ஒருவருக்காக ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதினேன். ஸ்டேஷன் வாசலில் நிற்கும் பையன் எல்.இ.டி. பலகையைப் போனில் படம் எடுத்து அனுப்புவான். ஸ்கிரிப்ட் அதைப் படித்து ரயில் எண், நேரம், நிலை, பிளாட்பாரம் என்று வரிவரியாகப் பிரித்து அண்ணனுக்கு அனுப்பும். இரண்டு வாரம் ஒழுங்காக ஓடியது. அப்புறம் ஒருநாள் காலையில் போன் வந்தது. "தம்பி, நீ நாலுன்னு அனுப்பியிருக்க. வீல்சேரைத் தள்ளிக்கிட்டு நாலுல நிக்கிறேன். வண்டி ஒண்ணாவதுல வந்து நிக்குது."

தப்பு பலகையில் இல்லை, என் ஸ்கிரிப்டில்தான். அந்தத் தப்பையும், அதைத் தேடும்போது கண்ணில் பட்ட மற்றவற்றையும் அறிகுறிவாரியாகக் கீழே எழுதியிருக்கிறேன். எடுத்துக்காட்டில் வரும் ரயில்கள் காட்பாடி வழியாகப் போகிறவைதான். ஆனால் நேரத்தையும் பிளாட்பாரத்தையும் விளக்கத்துக்காக மாற்றியிருக்கிறேன், அதை நம்பி யாரும் ஸ்டேஷனுக்குக் கிளம்ப வேண்டாம்.

அறிகுறி: எழுத்தெல்லாம் சரி, ஆனால் பிளாட்பாரம் வேறு ரயிலுக்குப் போய்விடுகிறது

இதுதான் எல்லாவற்றிலும் மோசமான கோளாறு, ஏனென்றால் வெளியே எதுவும் தெரியாது. எழுத்துப்பிழை இருக்காது, எச்சரிக்கை வராது, அட்டவணை பார்க்க அழகாக இருக்கும்.

அன்றைக்குப் பலகையில் இருந்தது இவ்வளவுதான்:

```
12639  BRINDAVAN EXP   09:20  RT     2
13351  DHN ALLP EXP    08:05  10:30
22625  DOUBLE DECKER   09:05  09:35  4
```

தன்பாத்–ஆலப்புழா ரயில் தாமதம். எந்தப் பிளாட்பாரம் என்று அப்போது முடிவாகாததால் அந்த இடத்தைக் காலியாக விட்டிருந்தார்கள். படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் மென்பொருளான டெசராக்ட் என்ன செய்தது என்றால், பத்திகளுக்கு நடுவில் இடைவெளி அகலமாக இருப்பதைப் பார்த்து இது செய்தித்தாள் போலப் பத்தி பத்தியாக அச்சிட்ட பக்கம் என்று எடுத்துக்கொண்டது. எண்களை மேலிருந்து கீழே ஒரு தொகுதியாகப் படித்தது, நேரங்களை இன்னொரு தொகுதியாகப் படித்தது, கடைசியில் பிளாட்பாரங்களைப் படித்தது. ரயில் எண் மூன்று கிடைத்தது. பிளாட்பாரம் இரண்டுதான்: 2, 4. நான் அவற்றை வரிசைப்படி ஜோடி சேர்த்தேன். முதல் ரயிலுக்கு 2, இரண்டாவது ரயிலுக்கு 4. டபுள் டெக்கருக்கு வர வேண்டிய 4, தன்பாத் ரயிலின் தலையில் ஏறிவிட்டது.

உங்களுக்கும் இதுதானா என்று உறுதி செய்ய ஒரு வழி இருக்கிறது. அட்டவணையில் காலி இடங்கள் எங்கே வருகின்றன என்று பாருங்கள். எப்போதும் கடைசி வரிகளில் மட்டும் பிளாட்பாரம் காலியாக இருந்தால் சந்தேகமே வேண்டாம். உண்மையான பலகையில் காலி இடம் நடுவிலும் வரும். படித்த பட்டியலை மேலே தள்ளி அடுக்கும்போதுதான் ஓட்டையெல்லாம் அடியில் போய்ச் சேரும்.

வரியை இடைவெளியில் வெட்டிப் பிரிப்பவர்களுக்கு இதே கோளாறு வேறு வேஷத்தில் வரும். 'கடைசித் துண்டுதான் பிளாட்பாரம்' என்று எழுதியிருந்தால், இரண்டாவது வரியின் பிளாட்பாரம் 10:30 ஆகிவிடும். அது பரவாயில்லை, பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

தீர்வு ஒன்றுதான். படித்த வரிசையை நம்பாமல், எழுத்து படத்தில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதை மட்டும் நம்ப வேண்டும். அதற்கு முதலில் பலகையை நேராக்க வேண்டும். கீழே நின்று அண்ணாந்து எடுத்த படத்தில் பலகை செவ்வகமாக இருக்காது, மேல்பக்கம் குறுகியிருக்கும், வரிகளும் சாய்ந்திருக்கும். வலது ஓரத்தில் உள்ள பிளாட்பார எண், இடது ஓரத்தில் உள்ள ரயில் எண்ணைவிட ஒரு வரி உயரத்துக்கு ஏறியோ இறங்கியோ இருந்தால், உயரத்தை வைத்து வரி சேர்ப்பதே தப்பாகிவிடும். பலகைச் சட்டத்தின் நான்கு மூலைகளைக் குறித்து, `cv2.getPerspectiveTransform`, `cv2.warpPerspective` இரண்டையும் வைத்து நிமிர்த்திவிடுங்கள். மூலைகளின் இடத்தை ஸ்கிரிப்டில் நிரந்தரமாக எழுதி வைக்காதீர்கள். பையன் இன்றைக்கு நின்ற இடத்தில் நாளைக்கு நிற்க மாட்டான். காட்பாடியில் 2022 மே மாதம் மறுசீரமைப்புக்கு அடிக்கல் நாட்டினார்கள். வேலை நடக்கிற ஸ்டேஷனில் பலகையும் இருந்த இடத்திலேயே இருக்கும் என்று சொல்ல முடியாது.

நிமிர்த்திய பிறகு என் படம் 2000 பிக்சல் அகலம். பத்திகளின் எல்லை மொத்த அகலத்தில் எத்தனை பங்கு என்று ஒருமுறை அளந்து வைத்துக்கொண்டேன்:

```python
EDGES = [0, 0.15, 0.54, 0.70, 0.86, 1.0]
# எண், பெயர், நேரம், நிலை, பிளாட்பாரம்
def col(left, width, W):
    x = (left + width / 2) / W
    return next(i for i in range(5) if x < EDGES[i + 1])
```

இந்தப் பங்குகள் என் பலகைக்கு மட்டும்தான் பொருந்தும். வேலூர் கண்டோன்மெண்டிலோ ஜோலார்பேட்டையிலோ பத்திகளின் வரிசையே வேறாக இருக்கலாம். சில பலகைகளில் வருகையா புறப்பாடா என்பதைக் காட்ட A/D என்று தனிப் பத்தி இருக்கும்.

சொல் எங்கே இருக்கிறது என்று தெரிய டெசராக்டிடம் இப்படிக் கேட்க வேண்டும்:

```
tesseract rect.png out --psm 11 -l eng tsv
```

`--psm 11` என்றால் 'எங்கெங்கே எழுத்து இருக்கிறதோ எடு, ஒழுங்கைப் பற்றிக் கவலைப்படாதே' என்று பொருள். `tsv` ஒவ்வொரு சொல்லுக்கும் அதன் இடம், அகலம், உயரத்தைத் தரும். சொற்களின் நடு உயரத்தைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே எழுத்து உயரத்தில் பாதிக்கு மேல் தாவினால் புது வரி என்று கொள்ளலாம். என் படத்தில் எழுத்து உயரம் 59 பிக்சல், வரிகளின் நடு உயரம் 150, 230, 310. டபுள் டெக்கரின் 4 என்ற எண் 312-இல் இருந்தது. அது 230-இல் உள்ள தன்பாத் வரியோடு சேர இனி வழியே இல்லை.

அறிகுறி: பிளாட்பாரம் பலகையில் இருக்கிறது, அட்டவணையில் காலி

முந்தையதைச் சரிசெய்ததும் இது தலைகாட்டும். காரணம், தனியாக நிற்கும் ஒற்றை எண்ணை டெசராக்ட் அடிக்கடி விட்டுவிடுகிறது. ஒரே ஒரு '1' என்றால் அதைப் பலகையில் விழுந்த கீறல் என்று நினைத்துவிடும்.

இங்கேதான் நான் பாடம் படித்தேன். 'பலகையிலேயே காலி' என்பதும் 'இருக்கிறது, எனக்குப் படிக்க வரவில்லை' என்பதும் வேறு வேறு. முன்னதற்கு அண்ணன் டீக்கடையில் உட்கார்ந்து காத்திருக்கலாம். பின்னதற்கு எழுந்து போய்ப் பலகையைப் பார்க்க வேண்டும். இரண்டையும் ஒரே வெற்றிடமாக அனுப்பினால் அவருக்கு எப்படித் தெரியும்?

அதனால் கட்டம் காலியா இல்லையா என்ற கேள்வியை டெசராக்டிடம் கேட்பதையே விட்டுவிட்டேன். கட்டத்துக்குள் எரியும் பிக்சல்கள் எத்தனை என்று எண்ணினால் போதும்.

```python
t, _ = cv2.threshold(board, 0, 255,
                     cv2.THRESH_BINARY + cv2.THRESH_OTSU)
lit = (cell > t).sum()
```

இதில் கவனிக்க வேண்டியது, வெளிச்ச வரம்பான `t` முழுப் பலகையில் இருந்து வருகிறது. அதைக் கட்டத்துக்குக் கட்டம் தனியாகக் கணக்கிட்டால் மாட்டிக்கொள்வீர்கள். `t`-ஐக் கணக்கிடும் ஓட்சு முறை எந்தப் படத்தைக் கொடுத்தாலும் இருட்டு, வெளிச்சம் என்று இரண்டாகப் பிரித்தே தீரும். வெறும் கறுப்புக் கட்டத்தைக் கொடுத்தால் கேமராவின் சன்னமான இரைச்சலையே இரண்டாகப் பிரித்து, பாதிக் கட்டம் எரிகிறது என்று சொல்லும்.

என் படத்தில் ஒரு எல்.இ.டி. புள்ளி சுமார் 5 பிக்சல் விட்டம், அதாவது 20 பிக்சல் பரப்பு. 5 புள்ளி அகலமும் 7 புள்ளி உயரமும் உள்ள எழுத்து வடிவத்தில், இருப்பதிலேயே மெலிந்த எண்ணான '1'-க்கே பத்துப் புள்ளி எரியும், அது 200 பிக்சல். காலிக் கட்டத்தில் பத்து இருபது பிக்சல் தப்பித் தவறி எரியலாம். 60-க்குக் கீழே இருந்தால் காலி என்று வைத்தேன். அதற்கு மேல் இருந்தும் டெசராக்ட் ஒன்றும் சொல்லாவிட்டால் அட்டவணையில் `?` போடுகிறேன். `?` விழுவதைக் குறைக்க, அந்தக் கட்டத்தை மட்டும் வெட்டி, கறுப்பு வெள்ளையை மாற்றி, சுற்றிலும் 20 பிக்சல் வெள்ளை ஓரம் சேர்த்து, ஒற்றை எழுத்தாகப் படிக்கச் சொல்லலாம்:

```
tesseract cell.png - --psm 10 -c tessedit_char_whitelist=12345
```

காட்பாடியில் ஐந்து பிளாட்பாரம், அதனால் ஐந்து எண். வேறு ஸ்டேஷன் என்றால் மாற்றிக்கொள்ளுங்கள்.

அறிகுறி: எழுத்துகளில் பாதி இல்லை, படத்தின் குறுக்கே கறுப்புப் பட்டைகள்

கண்ணுக்குப் பலகை முழுதாக எரிவது போலத் தெரிந்தாலும் அது முழுதாக எரிவதில்லை. சில வரிசைகளை ஏற்றி அணைத்து, அடுத்த வரிசைகளை ஏற்றி என்று வெகுவேகமாகச் சுழற்றுகிறார்கள். நம் கண் மெதுவானது, அதனால் சேர்த்துப் பார்த்துவிடுகிறது. போன் கேமராவோ படத்தை மேலிருந்து கீழாக வரிவரியாக எடுக்கிறது. வெயில் நேரத்தில் ஷட்டர் 1/1000 நொடிக்குக்கூடப் போய்விடும். அந்த ஒரு கணத்தில் அணைந்திருந்த வரிசைகள் படத்தில் கறுப்புப் பட்டையாக விழுகின்றன. வேலூர் வெயிலில் பகல் படம் எல்லாம் இப்படி வந்ததும், சாயங்காலம் எடுத்தவை நன்றாக இருந்ததும் இதனால்தான்.

போனில் புரோ மோட் இருந்தால் ஷட்டரை 1/50-க்குக் கொண்டுவந்து, ஐ.எஸ்.ஓ.வை இருப்பதிலேயே குறைவாக வைத்தால் பெரும்பாலும் தீரும். பையனின் போனில் அந்த மோட் இல்லை. அதற்குப் பதில் இரண்டு நொடி வீடியோ எடுக்கச் சொன்னேன். தொடர்ந்து வரும் பத்து ஃபிரேம்களை அடுக்கி, ஒவ்வொரு பிக்சலுக்கும் பத்தில் எது அதிக வெளிச்சமோ அதை எடுத்தால், ஒரு ஃபிரேமில் அணைந்திருந்தது இன்னொன்றில் எரிந்துவிடும்:

```python
cap, acc = cv2.VideoCapture("board.mp4"), None
for _ in range(10):
    ok, f = cap.read()
    if not ok: break
    acc = f if acc is None else np.maximum(acc, f)
```

கை ஆடக் கூடாது. ஐந்து பிக்சல் ஆடினாலே புள்ளிகள் வால் முளைத்த மாதிரி நீளும். தூணில் போனைச் சாய்த்துப் பிடிக்கச் சொல்லுங்கள்.

அறிகுறி: ரயில் பெயர் கன்னாபின்னாவென்று வருகிறது, ஒன்றின்மேல் ஒன்று எழுதியது போல

பலகை ஆங்கிலம், இந்தி, தமிழ் என்று பக்கம் மாற்றிக்கொண்டே இருக்கும். மேலே சொன்னபடி பத்து ஃபிரேம்களைச் சேர்க்கும்போது நடுவில் பக்கம் மாறினால், இரண்டு மொழியும் ஒன்றாக எரிந்த படம் கிடைக்கும். அடுத்தடுத்த ஃபிரேம்களின் வித்தியாசத்தைப் பாருங்கள். திடீரென்று எகிறும் இடத்தில் பக்கம் மாறியிருக்கிறது, அதற்கு இந்தப் பக்கம் பத்தோ அந்தப் பக்கம் பத்தோ எடுங்கள்.

ஆனால் இதைவிட எளிய வழி, பெயரைப் படிக்காமலே விடுவது. எந்த மொழிப் பக்கமாக இருந்தாலும் ரயில் எண் ஐந்து இலக்கமாக அப்படியேதான் இருக்கும். 12639 என்று கிடைத்துவிட்டால் அது பிருந்தாவன் என்று ஒரு சின்னப் பட்டியல் சொல்லிவிடும். தமிழ் எழுத்தைப் புள்ளி வடிவில் டெசராக்ட் படித்துக் கிழித்ததைப் பார்த்த பிறகு நான் எடுத்த முடிவு இது.

அறிகுறி: 09:35 என்பது முற்றுப்புள்ளிகளாகவும் காற்புள்ளிகளாகவும் வருகிறது, அல்லது 5 எல்லாம் 6 ஆகிறது

இரண்டும் ஒரே கைப்பிடியின் இரண்டு முனை. எல்.இ.டி. எழுத்து கோடு அல்ல, தனித்தனிப் புள்ளி. ஒட்டவைக்காமல் கொடுத்தால் டெசராக்டுக்கு அது வெறும் தூசி. அதிகமாக ஒட்டினால் எழுத்தின் வாய் மூடிவிடும்.

எவ்வளவு ஒட்டுவது என்பதை அளந்தே சொல்லலாம். என் படத்தில் ஒரு புள்ளியின் நடுவிலிருந்து அடுத்த புள்ளியின் நடு வரை 9 பிக்சல், புள்ளி விட்டம் 5. ஆக எழுத்துக்குள் பக்கத்துப் புள்ளிகளின் இடைவெளி 4, மூலைவாட்டில் சுமார் 8. இரண்டு எழுத்துகளுக்கு நடுவே ஒரு புள்ளி அளவு காலியாக விடுவதால் அங்கே இடைவெளி 13. ஒட்டும் தூரிகை 8-க்கு மேலேயும் 13-க்குக் கீழேயும் இருக்க வேண்டும். 9 வைத்தேன்.

```python
k = cv2.getStructuringElement(cv2.MORPH_ELLIPSE, (9, 9))
j = cv2.morphologyEx(gray, cv2.MORPH_CLOSE, k)
```

13-ஐத் தாண்டினால் பக்கத்து எழுத்துகள் ஒட்டத் தொடங்கும். 22-ஐத் தாண்டினால் 5-இன் இடதுபக்க வாய் அடைபட்டு 6 ஆகிவிடும். இரண்டு படங்களில் பையன் நின்ற தூரம் வேறு என்றால் இந்த எண்களும் வேறாகும். அதனால்தான் பலகையை எப்போதும் ஒரே 2000 பிக்சல் அகலத்துக்கு நிமிர்த்துகிறேன். அப்புறம், வெட்டிய கட்டத்தை டெசராக்டிடம் கொடுக்கும் முன் வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்தாக மாற்ற மறக்காதீர்கள்.

ஒட்டியும் சரியாகவில்லை, புள்ளிகள் ஏற்கெனவே வெள்ளைக் கட்டிகளாக வீங்கியிருக்கின்றன என்றால், சிவப்பு வெளிச்சம் அளவு மீறிவிட்டது. சிவப்பு எல்.இ.டி. என்பதால் சிவப்புச் சானலை எடுப்பதுதான் வழக்கம். ஆனால் அது வெளிறிப்போன படத்தில் பச்சைச் சானலைப் பாருங்கள். அதில் வெளிச்சம் மங்கலாகக் கசிந்திருக்கும், ஆனால் புள்ளிகளின் வடிவம் பிழைத்திருக்கும். அதுவும் இல்லை என்றால் படம் வாட்ஸ்அப்பில் சுருங்கி வந்திருக்கிறதா என்று பாருங்கள். போட்டோவாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்பச் சொன்னால் சுருங்காது.

அறிகுறி: நிலைப் பத்தியில் விசித்திரமான தாமதம்

நிலைப் பத்தியில் மூன்று வகை வரும். சரியான நேரம் என்பதற்கு RT, தாமதம் என்றால் எதிர்பார்க்கும் நேரம், அல்லது CANCELLED போன்ற ஒரு சொல். சொல்லில் ஓரிரு எழுத்து பிழைத்தால், தெரிந்த சொற்களில் எது நெருக்கமோ அதாக மாற்றலாம். CANCELIED என்று வந்தால் ரத்துதான், வேறு எதுவும் இல்லை. நேரத்துக்கு மட்டும் இந்தச் சலுகை கொடுக்காதீர்கள். 10:30-க்கும் 10:36-க்கும் ஒரு எழுத்துதான் வித்தியாசம், இரண்டுமே நியாயமான நேரம். மணி 23-க்கு மேலேயோ நிமிடம் 59-க்கு மேலேயோ போனால் `?` போடுங்கள், அதோடு நிறுத்துங்கள்.

CANCELLED நீளமான சொல், பக்கத்துப் பிளாட்பாரப் பத்திக்குள்ளும் நீட்டிக்கொண்டு போகும். என் படத்தில் அது 1420-இல் தொடங்கி 1906 வரை போனது. நடுப்புள்ளி 1663, பங்கு 0.83, ஆகவே நிலைப் பத்தியில்தான் விழுகிறது. ஆனால் பிளாட்பாரக் கட்டத்தில் எரியும் பிக்சல்கள் 60-ஐத் தாண்டிவிடும், `?` விழும். நிலை ரத்து என்றால் பிளாட்பாரத்தைப் பார்க்காமலே காலி என்று விட்டுவிடுகிறேன்.

23:50-க்கு வர வேண்டியது 00:35 என்று இருந்தால் நேராகக் கழித்தால் இருபத்து மூன்று மணி நேரம் முன்னதாக வருவதாகக் காட்டும். நிமிடமாக்கிக் கழித்து 1440-ஆல் மீதி எடுத்தால் 45 நிமிடம் என்று சரியாக வரும். மீதி 1200-ஐத் தாண்டினால் அதைத் தாமதமாக எழுதாமல் தனியாகக் குறித்துவைத்துப் படத்தைக் கண்ணால் பார்க்கிறேன்.

அறிகுறி: எல்லாம் சரியாகப் படித்திருக்கிறது, ஆனாலும் ரயில் வேறு பிளாட்பாரத்தில் நிற்கிறது

இதற்கு ஸ்கிரிப்டில் மருந்து இல்லை. படம் எடுத்த பிறகு பிளாட்பாரத்தை மாற்றியிருப்பார்கள். நான் செய்தது, வீடியோ எடுத்த நேரத்தை அட்டவணையின் தலையில் போட்டது மட்டும்தான். அதை வாட்ஸ்அப்பில் வந்த நேரத்திலிருந்து எடுக்கக் கூடாது. பையன் சிக்னல் கிடைக்காமல் பத்து நிமிடம் கழித்து அனுப்பியிருப்பான். பலகையின் மூலையில் கடிகாரம் ஓடினால் அதையே படிப்பது நல்லது.

அந்தக் காலைப் படத்தைத் திருத்திய ஸ்கிரிப்டில் மறுபடி ஓட்டியபோது வந்தது இது:

```
படம் எடுத்தது 08:52
எண்      நேரம்    நிலை     மேடை
12639    09:20    RT       2
13351    08:05    10:30    -
22625    09:05    09:35    4
```

இதை அண்ணனுக்குக் காட்டினேன். அந்தக் கோட்டைத் தொட்டுக் கேட்டார்: "இதை அன்னைக்கே போட்டிருந்தா நான் வாசல்லயே நின்னிருப்பேனே?" ஆமாம் அண்ணே என்றேன்.